வீட்டு பேக்கருக்கான கூகுள் ஷீட் கணக்கு: விற்பனை, செலவு, வரி

வீட்டில் கேக் செய்து விற்பவர்களின் கணக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் ஜிபேயில், செலவு மளிகைக் கடை பில்லில். மாதக் கடைசியில் கையில் பணம் இருக்கும், ஆனால் லாபம் எவ்வளவு என்று தெரியாது. இதைச் சரிசெய்ய பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். நான்கு தாள்கள் கொண்ட ஒரு கூகுள் ஷீட் போதும். இங்கே சொல்வது தமிழ்நாட்டில் தனிநபராகக் கேக் தொழில் செய்பவருக்கான அமைப்பு. வரி விகிதங்களும் வரம்புகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதல் தடவை அமைக்கும்போது கணினியில் செய்யுங்கள். ஃபார்முலாவை இழுத்து நிரப்புவது போனில் எரிச்சலான வேலை. அமைத்து முடித்த பிறகு தினசரிப் பதிவைப் போனிலேயே போடலாம்.

தேதியை முதலில் சரிசெய்யுங்கள்

புதிய ஷீட்டைத் திறந்ததும் `File > Settings` போய் `Locale` என்பதை `India` ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் குழப்பம் பெரிது. ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் 05/04/2025 என்று நீங்கள் அடிக்கும் ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும். 25/04/2025 என்று அடித்தால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதாவது மாதத்தின் முதல் 12 நாள் விற்பனை சத்தமில்லாமல் வேறு மாதங்களுக்குப் போகும், மீதி நாட்கள் எந்த மாதத்திலும் சேராது. உண்மையான தேதி செல்லின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாகிப்போனது இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே தவறாக ஏறிய தேதிகளை, பின்னால் `Locale` மாற்றுவது திருத்தாது. அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

பிறகு கீழே நான்கு தாள்களுக்கு `Setup`, `Sales`, `Expenses`, `Month` என்று பெயர் கொடுங்கள். ஃபார்முலாவில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருப்பதால் இந்தப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தலைப்புகளைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம்.

Setup: வரி விகிதம் குடியிருக்கும் இடம்

வரி விகிதத்தை ஒரே ஒரு செல்லில் எழுதி, எல்லா வரிசைகளையும் அதோடு இணைப்பதுதான் பலரும் செய்வது. விகிதம் மாறும் நாளில் அது உடையும். 2025 செப்டம்பர் 22 அன்று கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஒற்றைச் செல்லை 18-லிருந்து 5 ஆக்கியிருந்தால், ஏற்கெனவே கட்டி முடித்த ஏப்ரல் மாத வரிகூட அந்த நொடியே 5 சதவீதத்துக்கு மாறியிருக்கும்.

அதனால் விகிதத்தைத் தேதியோடு சேர்த்து அட்டவணையாக வையுங்கள். `Setup` தாளின் முதல் வரிசையில் A-யில் "எந்தத் தேதி முதல்", B-யில் "விற்பனை வரி", C-யில் "இன்புட் கிரெடிட்" என்று தலைப்பு எழுதுங்கள். சாமான் வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்வதுதான் இன்புட் கிரெடிட். கழிக்க முடியும் என்றால் C-யில் 1, முடியாது என்றால் 0.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு ஒரே வரிசைதான்: 01/04/2025, 0%, 0. சாதாரண முறையில் பதிவு செய்தவருக்கு இரண்டு வரிசை: 01/04/2025, 18%, 1 என்பது முதலாவது, 22/09/2025, 5%, 1 என்பது இரண்டாவது. நடு ஆண்டில் பதிவு வாங்கினால், பதிவு அமலாகும் தேதியில் ஒரு புது வரிசை சேர்த்தால் போதும், பழைய கணக்கு அசையாது. தேதிகள் பழையதிலிருந்து புதியதாக ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. விகிதத்தை `%` குறியோடு அடியுங்கள். வெறும் 5 என்று அடித்தால் ஷீட் அதை 500 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, இன்புட் கிரெடிட்டும் எடுக்க முடியாது. ஆகவே அவருக்கும் 0%, 0 தான். விற்றுமுதலில் கட்டும் 1 சதவீதம் அவர் கைக்காசு. அதைக் கட்டும்போது செலவுத் தாளில் "வரி" என்ற வகையில் எழுத வேண்டும்.

பதிவே இல்லாதவர் எதற்காக வரிப் பத்தி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். இப்போது அது பூஜ்யம் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும், பதிவு வரும் நாளில் ஷீட்டைக் கலைத்துக் கட்ட வேண்டியிருக்காது. ஆனால் பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடப் போட்டு வாங்கக் கூடாது. சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

Sales: ஒரு ஆர்டருக்கு ஒரே வரிசை

பணம் வரும்போதெல்லாம் ஒரு வரிசை எழுதும் பழக்கம் கேக் தொழிலுக்குப் பொருந்தாது. முன்பணம் ஒரு நாள், மீதி டெலிவரி அன்று என்று வரும்போது ஒரே கேக் இரண்டு விற்பனையாகத் தெரியும். ஆர்டரை ஒரே வரிசையாக எழுதி, டெலிவரி தேதியில் விற்பனையாகக் கணக்கிடுங்கள்.

பத்திகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: A ஆர்டர் எண், B டெலிவரி தேதி, C வாடிக்கையாளர், D என்ன கேக், E கேக் விலை, F டெலிவரி கட்டணம், G மொத்தம், H வரி விகிதம், I வரி, J நிகர விற்பனை, K வங்கி அல்லது யுபிஐ வழி வந்தது, L ரொக்கமாக வந்தது, M பாக்கி. இவற்றில் A முதல் F வரையும் K, L இரண்டும் நீங்கள் அடிப்பவை. மற்றவற்றை ஷீட்டே போடும். இரண்டாவது வரிசையில் இவற்றை அடியுங்கள்:

```
G2: =IF(B2="","",E2+F2)
H2: =IF(B2="","",LOOKUP(B2,Setup!$A$2:$A$10,Setup!$B$2:$B$10))
I2: =IF(B2="","",ROUND(G2*H2/(1+H2),2))
J2: =IF(B2="","",G2-I2)
M2: =IF(B2="","",G2-K2-L2)
```

ஐந்தையும் ஐந்நூறாவது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். பிறகு அந்தப் பத்திகளை `Data > Protect sheets and ranges` வழியாக, `Show a warning when editing this range` என்ற தேர்வோடு பாதுகாத்து வைத்தால், தவறுதலாக ஃபார்முலாவை மாற்றப் போகும்போது ஷீட் எச்சரிக்கும்.

I பத்தியின் ஃபார்முலாவைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டு பேக்கர் சொல்லும் விலை எப்போதும் எல்லாம் சேர்ந்த விலைதான். கிலோ 1,100 ரூபாய் என்று சொல்லிவிட்டு, மேலே 5 சதவீதம் தனி என்றால் வாங்குபவர் முகம் சுளிப்பார். ஆகவே வரி அந்த 1,100-க்குள்ளேயே இருக்கிறது, அதை உள்ளிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் 1,100 ரூபாய், டெலிவரி 80, மொத்தம் 1,180 என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்த ஒருவர் இதை 2025 செப்டம்பர் 20 அன்று பில் போட்டு டெலிவரி கொடுத்திருந்தால், ஷீட் 18 சதவீதத்தை எடுத்து வரி 180, நிகர விற்பனை 1,000 என்று காட்டும். அதே கேக்கை அதே விலைக்கு செப்டம்பர் 25 அன்று விற்றிருந்தால் வரி 56.19, நிகரம் 1,123.81. இங்கே பலர் 1,180-இல் 5 சதவீதம் என்று பெருக்கி 59 ரூபாய் எழுதிவிடுவார்கள். வித்தியாசம் மூன்று ரூபாய்க்கும் குறைவுதான், ஆனால் ஆண்டு முழுக்க ஒவ்வொரு கேக்கிலும் அது உங்கள் பையிலிருந்து போகும். பதிவு இல்லாதவருக்கு இதே ஃபார்முலா வரி 0, நிகரம் 1,180 என்று காட்டும்.

டெலிவரி கட்டணத்தில் ஒரு பிரிவு உண்டு. வாடிக்கையாளரே வண்டி பதிவு செய்து ஓட்டுநருக்கு நேராகப் பணம் கொடுத்தால், அது உங்கள் கணக்கில் வரவே கூடாது. நீங்கள் 80 ரூபாய் வாங்கி நீங்களே வண்டிக்குக் கொடுத்தால், F-இல் வரவாகவும் செலவுத் தாளில் செலவாகவும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

இனி பணம் வரும் பத்திகள். மேலே சொன்ன கேக்குக்கு 500 ரூபாய் முன்பணம் ஜிபேயில் வந்தது, டெலிவரி அன்று 680 ரூபாய் கையில் கொடுத்தார்கள். K-யில் 500, L-இல் 680. M தானாகப் பூஜ்யமாகும். மீதியும் ஜிபேயிலேயே வந்திருந்தால் K-யில் 1180 என்று மாற்றி எழுதாதீர்கள், `=500+680` என்று அடியுங்கள். செல்லில் 1,180 தெரியும், அதைத் தொட்டால் இரண்டு தவணையும் தெரியும். வங்கி ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடும்போது இந்தச் சின்னப் பழக்கம் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆர்டர் ரத்தானால் வரிசையை அழிக்க வேண்டாம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் E, F இரண்டையும் 0 ஆக்கி, K-யில் `=500-500` என்று போடுங்கள். முன்பணத்தை வைத்துக்கொள்வது என்று பேசியிருந்தால் E-இல் 500, F-இல் 0. ஏனென்றால் அது இப்போது உங்கள் வருமானம்.

யுபிஐயையும் ரொக்கத்தையும் தனித்தனிப் பத்தியாக வைக்க இன்னொரு காரணம் வருமான வரி. அது பின்னால் வருகிறது. அதற்கு முன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். கணவர் அல்லது மகனுடைய யுபிஐ எண்ணில் கேக் பணம் வாங்கினால் அவர்களுடைய சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் அதே ஸ்டேட்மெண்டில் கலந்துவிடும். உங்கள் பெயரில் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு, அதற்கு ஒரு யுபிஐ, அதில் கேக் பணம் மட்டும்.

Expenses: வீடும் தொழிலும் கலக்கும் இடம்

பத்திகள்: A தேதி, B கடை, C விவரம், D வகை, E பில் தொகை, F அதில் உள்ள ஜிஎஸ்டி, G தொழில் பங்கு, H இன்புட் கிரெடிட், I தொழில் செலவு, J எப்படிக் கொடுத்தது, K பில் படத்தின் இணைப்பு.

```
H2: =IF(A2="","",ROUND(F2*G2*LOOKUP(A2,Setup!$A$2:$A$10,Setup!$C$2:$C$10),2))
I2: =IF(A2="","",ROUND(E2*G2-H2,2))
```

D பத்திக்கு `Data > Data validation` வழியாகக் கீழிறங்கும் பட்டியல் வையுங்கள்: மூலப்பொருள், பேக்கிங், மின்சாரம், டெலிவரி, கட்டணம், விளம்பரம், வரி, கருவி, இதர. பட்டியல் இல்லாமல் கையால் அடித்தால் ஒரு நாள் "பேக்கிங்", மறுநாள் "பாக்ஸ்" என்று ஏறி, கூட்டும்போது பாதி காணாமல் போகும். வகைகளை இதற்கு மேல் பெருக்காதீர்கள். இருபது வகை வைத்தவர்கள் இரண்டாவது மாதம் எல்லாவற்றையும் "இதர"-வில் போடத் தொடங்கிவிடுவார்கள்.

மளிகை பில்லில் வீட்டுச் சாமானும் கேக் சாமானும் சேர்ந்து வரும். 1,460 ரூபாய் பில்லில் மைதா, வெண்ணெய், கோகோ பவுடர், கேக் போர்டு எல்லாம் சேர்த்து 890 என்றால் E-இல் 890 மட்டும் எழுதி, G-இல் 100% போடுங்கள். ஒரே பொருள் இரண்டுக்கும் போகும்போதுதான் G பத்தி வேலை செய்யும். ஐந்து கிலோ சர்க்கரையில் ஒரு கிலோ வீட்டுக் காபிக்குப் போகிறது என்றால் முழு விலையையும் எழுதி 80% என்று குறியுங்கள்.

மின்சாரத்தில்தான் பெரும்பாலோர் கண்மூடித்தனமாக "பாதிக்குப் பாதி" என்று போடுகிறார்கள். ஓடிஜி அடுப்பின் மேல் 2,000 வாட் என்று எழுதியிருந்தாலும் மணிக்கு இரண்டு யூனிட் இழுக்காது. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது துண்டிக்கும். உண்மையான அளவுக்கு ஏசி, மோட்டார், கீசர் எதுவும் ஓடாத நேரத்தில், அடுப்பைப் போடுமுன் மீட்டரைப் பாருங்கள், ஒரு பேட்ச் முடிந்ததும் மறுபடி பாருங்கள். 1.4 யூனிட் ஏறியிருந்தது, இரண்டு மாதத்தில் 60 பேட்ச் போட்டீர்கள் என்றால் 84 யூனிட். இரண்டு மாத பில் 420 யூனிட் என்றால் உங்கள் தொழில் பங்கு 20%. மின் கட்டணம் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பில்லை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு மாதத் தேதியிலும் ஒரு வரிசை எழுதுங்கள். ஒரே நாளில் போட்டால் ஒரு மாதம் லாபம் குதித்தும் மறுமாதம் சரிந்தும் தெரியும்.

அடுப்பு, பீட்டர், ஃபிரிட்ஜ் போன்றவை "கருவி" வகை. இவை பல ஆண்டு உழைப்பவை, வாங்கிய மாதத்தின் லாபத்திலிருந்து மொத்தமாகக் கழித்தால் அந்த மாதம் நஷ்டம் போலப் பொய்யாகத் தெரியும். பதிவு செய்யுங்கள், ஆனால் மாத லாபத்தில் சேர்க்காதீர்கள். கீழே ஃபார்முலாவே அதை ஒதுக்கிவிடும். முழுக் கணக்கு எழுதி வருமான வரி காட்டுபவர்களுக்கு ஆடிட்டர் இந்தப் பட்டியலை வைத்து ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எடுப்பார்.

F பத்தியில் ஜிஎஸ்டி எழுதுவது, உங்கள் ஜிஎஸ்டி எண் அச்சான பில்லுக்கு மட்டும். எண் இல்லாத பில்லில் வரி கட்டியிருந்தாலும் கிரெடிட் கிடைக்காது. அப்போது F-ஐ வெறுமையாக விடுங்கள், வரியும் சேர்ந்து செலவாகிவிடும்.

Month: பன்னிரண்டு வரிசை

A2-வில் 01/04/2025 என்று அடித்து, A3-இல் `=EDATE(A2,1)` போட்டு மார்ச் வரை இழுங்கள். பிறகு:

```
B2: =SUMIFS(Sales!J:J,Sales!B:B,">="&A2,Sales!B:B,"<"&EDATE(A2,1))
C2: =SUMIFS(Expenses!I:I,Expenses!A:A,">="&A2,Expenses!A:A,"<"&EDATE(A2,1),Expenses!D:D,"<>கருவி")
D2: =B2-C2
E2: =SUMIFS(Sales!I:I,Sales!B:B,">="&A2,Sales!B:B,"<"&EDATE(A2,1))
F2: =SUMIFS(Expenses!H:H,Expenses!A:A,">="&A2,Expenses!A:A,"<"&EDATE(A2,1))
G2: =E2-F2
H2: =SUM(B$2:B2)
```

B நிகர விற்பனை, C செலவு, D மிச்சம், E வசூலித்த வரி, F இன்புட் கிரெடிட், G கட்ட வேண்டிய வரி, H ஏப்ரல் முதல் இதுவரையான விற்றுமுதல். D-யில் தெரிவது உங்கள் உழைப்புக்குக் கூலி கழிக்காத மிச்சம் என்பதை மறக்க வேண்டாம்.

H-ஐக் கண்ணில் வைத்திருங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். பல வீட்டு பேக்கர்கள் கேக் வகுப்பும் எடுக்கிறார்கள். அது சேவை என்பதால் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். ஐஸ்கிரீம் தயாரித்து விற்பவருக்கும் 40 லட்சச் சலுகை கிடையாது. வேறு மாநிலத்துக்குக் கூரியரில் பிரௌனி அனுப்பினால், எவ்வளவு சிறிய தொகையானாலும் பதிவு கட்டாயம். வரம்பு உங்கள் பான் எண்ணின் மொத்த விற்றுமுதலுக்கு, கேக்குக்கு மட்டும் இல்லை.

தினசரிப் பதிவில் தவறு இருக்கிறதா என்று பார்க்க, இதே தாளின் அடியில் இரண்டு செல் வையுங்கள்:

```
=ROUND(SUM(Sales!J2:J)-SUM(B2:B13),2)
=SUMPRODUCT(--ISTEXT(Sales!B2:B500))
```

இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலாவது பூஜ்யம் இல்லை என்றால் ஏதோ ஒரு விற்பனை எந்த மாதத்திலும் சேரவில்லை, பெரும்பாலும் ஆண்டு தப்பாக அடித்த தேதி. இரண்டாவது, எழுத்தாகிப்போன தேதிகள் எத்தனை என்று சொல்லும். அப்படிப்பட்ட வரிசைகளில் விகிதம் `#N/A` என்று நிற்கலாம், அதனால் முதல் செல்லும் `#N/A` காட்டலாம். `1200/-` என்றோ `500 gpay` என்றோ அடித்திருந்தால் அந்த வரிசை `#VALUE!` என்று கத்தும். எண் மட்டும் அடித்தால் சரியாகிவிடும்.

மாதம் முடிந்ததும் K பத்தியின் கூட்டலை வங்கி ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடுங்கள். அச்சாக ஒத்துப்போகாது. அடுத்த மாத டெலிவரிக்கு இப்போது வந்த முன்பணம் ஸ்டேட்மெண்டில் இருக்கும், ஷீட்டில் அடுத்த மாதத்தில் நிற்கும். அந்தத் தொகைகளைக் கூட்டிக் கழித்தால் வித்தியாசம் தீர வேண்டும். தீராவிட்டால் ஏதோ ஒரு ஆர்டர் எழுதப்படவே இல்லை. அதை வாட்ஸ்அப்பில் அந்தத் தேதியைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆண்டுக் கடைசியும் வருமான வரியும்

சிறு தொழில் செய்பவர்கள் பலரும் 44ஏடி பிரிவின் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுகிறார்கள். அதில் வங்கி, யுபிஐ வழி வந்த விற்றுமுதலில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்கத்தில் குறைந்தது 8 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும். K, L பத்திகளின் ஆண்டுக் கூட்டல் இங்கேதான் பயன்படும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவருக்கு K-யில் 5,50,000, L-இல் 90,000 என்றால் 33,000 கூட்டல் 7,200, ஆக 40,200 ரூபாய். இரண்டும் பிரித்து எழுதப்படாமல் இருந்தால் ஆடிட்டர் எச்சரிக்கையாக மொத்தத்துக்கும் 8 சதவீதம் போட்டு 51,200 என்று காட்டக்கூடும். இந்த 6-ம் 8-ம் குறைந்தபட்ச அளவுகள்தான். உங்கள் உண்மையான மிச்சம் அதைவிட அதிகம் என்று D பத்தி சொன்னால், எந்தத் தொகையைக் காட்டுவது என்பதை ஆடிட்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். இந்த முறையில் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியிருந்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலில் இருப்பதால் அதற்கடுத்த ஆண்டுகளில் பிரிவு எண் மாறும்.

மார்ச் 31 அன்று M பத்தியில் பூஜ்யம் இல்லாத வரிசைகளை வடிகட்டிப் பாக்கிப் பட்டியல் எடுங்கள். அன்றே வீட்டில் மிச்சமிருக்கும் மைதா, சாக்லேட், க்ரீம், பாக்ஸ் ஆகியவற்றை எண்ணி, வாங்கிய விலையில் ஒரு ஓரமாக எழுதுங்கள். பிறகு `File > Make a copy` செய்து புதிய ஆண்டின் பெயர் கொடுங்கள். புதிய கோப்பில் `Sales`, `Expenses` இரண்டிலும் கையால் அடித்த பத்திகளை மட்டும் அழியுங்கள், `Month` தாளின் A2-வில் புதிய ஏப்ரல் 1-ஐ அடியுங்கள். `Setup` அட்டவணையைத் தொட வேண்டாம். மார்ச்சில் முன்பணம் வாங்கி ஏப்ரலில் டெலிவரி செய்யும் ஆர்டர்கள் புதிய கோப்பில்தான் வர வேண்டும். பழைய கோப்பில் அவை ஏற்கெனவே ஏறியிருந்தால், அங்கிருந்து வெட்டிப் புதியதில் ஒட்டுங்கள், இரண்டிலும் இருக்க விடாதீர்கள்.